வாரண்டி செல்லாது என்று சொன்ன பிறகு: காசுக்குத் திருத்துவதா, விலை குறைத்துப் புது மெசின் கொடுப்பதா?

புல்வெட்டும் மெசின் விற்கிற கடை எதுவாக இருந்தாலும், ஹட்டனில் இருந்தாலும் பண்டாரவளையில் இருந்தாலும், ஒரு வகை வாரண்டிக் கோரிக்கை திரும்பத் திரும்ப வரும். வாங்கி ஒரு வருடம் ஆகாத டூ-ஸ்ட்ரோக் மெசின். கயிறு இழுபடாது, அல்லது எதிர்ப்பே இல்லாமல் லேசாக இழுபடும். கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் கீறிச் சிலிண்டரோடு இறுகியிருக்கும். பெற்றோலோடு டூ-டி ஒயில் கலக்காமல் ஓடியிருக்கிறது. வாரண்டி அட்டையில் இது செல்லாது என்று அச்சடித்திருக்கும். ஆனால் முன்னால் நிற்பவர் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுத்து அதை வாங்கியவர்.

இந்த இடத்தில் கடைக்காரருக்கு நான்கு வழிகள் உண்டு. இலவசமாகச் செய்து கொடுப்பது, இல்லை என்று சொல்லி மெசினைத் திருப்பிக் கொடுப்பது, வாரண்டி இல்லை ஆனால் காசுக்குத் திருத்தித் தருகிறேன் என்பது, வாரண்டி இல்லை ஆனால் பழையதை எடுத்துக்கொண்டு புதியதை விலை குறைத்துத் தருகிறேன் என்பது. முதல் இரண்டையும் நான் ஏன் விடுகிறேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடைசி இரண்டுக்கும் இடையில் எதை எப்போது முன்வைப்பது என்பதுதான் யோசிக்க வேண்டியது. பலர் அதை முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அந்த முடிவு மெசினுக்குள்ளேயே இருக்கிறது, குறிப்பாகக் கிராங்கில்.

முதலில் தவறு யாருடையது என்று தெரிய வேண்டும்

மறுப்பதற்கு முன்னால் நிச்சயம் வேண்டும். பிஸ்டன் இறுகியது என்பது மட்டும் தவறான பாவனைக்குச் சாட்சி அல்ல. தொழிற்சாலைக் குறையாலும் பிஸ்டன் இறுகும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத கடை வாரண்டியை மறுக்கவே கூடாது.

டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்தில் ஒயிலுக்குத் தனி இடம் கிடையாது. பெற்றோலோடு கலந்து உள்ளே போகிற ஒயில்தான் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் கிராங்க் பெயாரிங்குக்கும் ஒரே காப்பு. 25க்கு 1 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர் ஒயில். 50க்கு 1 என்றால் 20 மில்லிலீற்றர். எது சரி என்பது அந்தந்த மெசினின் கையேட்டில் இருக்கும், அதில் ஊகம் கூடாது. ஒயில் அறவே இல்லாமல் ஓடினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் சூடேறி விரிந்து, அதன் அலுமினியம் சிலிண்டர் சுவரில் இழுபட்டு ஒட்டிக்கொள்ளும்.

பரிசோதனையை வாடிக்கையாளர் நிற்கும்போதே தொடங்குவது நல்லது. முதலில் டாங்கியில் இருப்பதைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றுகிறோம். பக்கத்தில் இன்னொரு போத்தலில் ஷெட்டிலிருந்து வாங்கிய வெறும் பெற்றோல். டூ-டி ஒயிலில் சாயம் இருப்பதால் கலந்த பெற்றோலின் நிறம் மாறியிருக்கும். அது தெளிவாகத் தெரியாவிட்டால் இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு வெள்ளைத் தாளில் விடுகிறோம். வெறும் பெற்றோல் ஆவியாகித் தாள் பழையபடி ஆகிவிடும். ஒயில் கலந்தது எண்ணெய்ப் பலகாரம் வைத்த தாளைப் போல வெளிச்சம் ஊடுருவும் ஒரு வட்டத்தை விட்டுவைக்கும். இதை எவரும் பார்த்தே புரிந்துகொள்வார், மெக்கானிக்கின் வார்த்தையை நம்ப வேண்டியதில்லை.

ஆனால் தாள் சோதனை மட்டும் போதாது. மெசின் நின்ற பிறகு யாராவது டாங்கியில் ஒயில் ஊற்றிக் கொண்டுவந்திருக்கலாம். அதற்கு எதிர்ப்புறமாக, சரியாகக் கலந்து ஓட்டியவர் கடைக்கு வரும் வழியில் வெறும் பெற்றோல் நிரப்பியும் இருக்கலாம். அதனால் உள்ளே பார்க்க வேண்டும். சைலன்சரைப் பிடித்திருக்கும் ஆணிகளைக் கழற்றினாலே எக்ஸோஸ்ட் வாசல் வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டுத் தெரியும். கோடுகள் இருக்கின்றனவா என்று ஒரு டோர்ச் அடித்தால் போதும். அதற்குப் பிறகு சிலிண்டரைக் கழற்றும்போது மூன்று இடங்களைப் பார்க்கிறோம்.

ஒன்று, கீறல் எந்தப் பக்கம். ஒயிலே இல்லாமல் ஓடியிருந்தால் கீறல் பிஸ்டனைச் சுற்றிலும் இருக்கும். எக்ஸோஸ்ட் பக்கம் அதிகமாக இருந்தாலும் மற்றப் பக்கங்களும் தப்பியிருக்காது. இரண்டு, கிராங்க் இருக்கும் அறை. அங்கே ஒயில் படலம் இல்லாமல் காய்ந்திருந்தால் அதை எவரும் வெளியிலிருந்து செய்திருக்க முடியாது. மூன்று, பிஸ்டன் பின்னைத் தாங்கும் ஊசிப் பெயாரிங். ஒயிலில்லாமல் சூடேறிய பெயாரிங் நீலமாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருக்கும்.

இப்போது மறுபக்கம். கீறல் பெரும்பாலும் எக்ஸோஸ்ட் பக்கம் மட்டும், கிராங்க் அறையில் ஒயில் ஈரம் நன்றாக இருக்கிறது, பெயாரிங் பளபளவென்று இருக்கிறது என்றால் ஒயில் உள்ளே போய்த்தான் இருக்கிறது. காற்று அதிகமாகவும் பெற்றோல் குறைவாகவும் போய் மெசின் சூடேறியிருக்கிறது. அதற்குக் காரணம் காபரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் வெடித்திருக்கலாம், கிராங்க் சீல் காற்றை உள்ளே விடலாம். வாசல்களை அடைத்துக் கைப்பம்பால் அரை பார் அளவுக்குக் காற்று ஏற்றிப் பார்த்தால் முள் இறங்குகிறதா நிற்கிறதா என்று தெரிந்துவிடும். கேஸ்கட்டோ சீலோ குறையாக இருந்தால் அது வாரண்டிக்குள் வருகிறது. அங்கே பேச்சே இல்லை, முழுவதையும் செய்து கொடுக்க வேண்டும்.

மலைநாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. கொழும்பு உயரத்துக்குச் சரிசெய்யப்பட்ட மெசின் நுவரெலியாவுக்கு வந்தால் புகை தள்ளும், இழுவை குறையும். 1,868 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் பெற்றோல் கூடுதலாகத்தான் தெரியும். உடனே யாராவது காபரேட்டர் திருகைத் திருப்பிப் பெற்றோலைக் குறைப்பார்கள். நுவரெலியாவில் மெசின் சுகமாக ஓடும். அதே மெசினைத் தூக்கிக்கொண்டு கினிகத்தேனைக்கோ கித்துள்கலைக்கோ வேலைக்குப் போனால், கீழே காற்று அடர்த்தியாக இருப்பதால் பெற்றோல் போதாமல் போய்ப் பிஸ்டன் இறுகிவிடும். கீறல் எக்ஸோஸ்ட் பக்கம், உள்ளே ஒயில் ஈரம், கேஸ்கட்டும் சீலும் நல்லது என்றால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். திருகைத் திருப்பியது உங்கள் கடையின் சர்வீஸ் பையனாக இருந்தால், அல்லது யார் என்று நிரூபிக்க முடியாவிட்டால், அதை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது அநியாயம். நான் அதை வாரண்டிக்குள்ளேயே எடுப்பேன்.

ஆக, மறுக்கலாம் என்று சொல்வது ஒரே ஒரு நிலைமைக்குத்தான்: சுற்றிலும் கீறல், காய்ந்த கிராங்க் அறை, நிறம் மாறிய பெயாரிங். மூன்றும் சேர்ந்து வர வேண்டும்.

இலவசமும் வெறும் மறுப்பும்

மூன்றும் சேர்ந்து வந்த பிறகும் "போகட்டும், நம்ம ஆள்தானே" என்று இலவசமாகச் செய்து கொடுக்கிற முதலாளிமார் இருக்கிறார்கள். மனது நல்லதுதான். ஆனால் இறக்குமதியாளர் அதே பிஸ்டனைப் பார்த்து நமக்குக் காசு தரமாட்டார், அதனால் முழுச் செலவும் கடையுடையது. இன்னொன்று, தோட்டத்தில் ஒருவருக்கு இலவசமாகச் செய்தது மறுவாரமே எல்லா லயத்துக்கும் தெரியும். அடுத்து வருபவரிடம் இல்லை என்று சொன்னால் ஏன் அவருக்கு மட்டும் என்று கேட்பார். அதற்கு நேர்மையான பதில் கிடையாது.

வெறும் மறுப்பு இதைவிட மோசம். சட்டப்படி சரியாக இருக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி எவரும் முறைப்பாடு செய்யலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் சொல்லலாம். நம்மிடம் படமும் எழுத்தும் இருந்தால் அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. பிரச்சினை வேறு: இறுகிய மெசினைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவருக்கு நாளை வேலை இல்லை. அவருக்கு வழி ஒன்றைக் காட்டாமல் அனுப்புவது கடை செய்கிற காரியம் அல்ல.

கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள்

காசுக்குத் திருத்துவதா புதியதா என்ற கேள்விக்கு வருவோம். ஒயில் இல்லாமல் ஓடிய மெசினில் பிஸ்டனும் சிலிண்டரும் போனது கண்ணுக்குத் தெரியும். கிராங்கின் அடிப் பெயாரிங், அதாவது கனெக்டிங் ரொட்டின் கீழ்ப்பக்கம், உள்ளே மறைந்திருக்கிறது. அதுவும் அதே ஒயிலைத்தான் நம்பியிருந்தது. பிஸ்டனையும் சிலிண்டரையும் மட்டும் மாற்றிக் கொடுத்தால், இரண்டு மூன்று வாரத்தில் அடிப் பெயாரிங் உடைந்து புதிய பிஸ்டனையும் தின்றுவிடும். அப்போது வாடிக்கையாளர் இரண்டாவது தடவை காசு கொடுக்க மாட்டார், கொடுக்கவும் தேவையில்லை. நாம் செய்த வேலை நின்றுவிட்டது என்பதே அவர் சொல்வது, அது சரியும்கூட.

சோதனை கஷ்டமில்லை. ரொட்டை மேலும் கீழும் நேராக இழுத்துத் தள்ளிப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது அசைவு இருப்பது இயல்பு, அது தேவையும்கூட. மேலும் கீழும் ஆட்டமே இருக்கக்கூடாது. "டொக்" என்று ஒரு மிகச் சிறிய தட்டல் விரலுக்குத் தெரிந்தாலும் பெயாரிங் போய்விட்டது. பிறகு கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். மணல் அரைபடுவது போலிருந்தால் அதுவும் போய்விட்டது.

சிலிண்டருக்கும் ஒரு வழி இருக்கிறது. இந்த மெசின்களின் சிலிண்டர் உட்புறத்தில் குரோம் பூச்சு இருக்கும். கோடுகள் போலத் தெரிவது பல தடவை கீறல் அல்ல, பிஸ்டனின் அலுமினியம் மேலே ஒட்டியிருப்பது. அனுபவமுள்ள மெக்கானிக் கையுறை போட்டு, ஐதரோகுளோரிக் அமிலத்தை அந்தக் கோடுகள் மேல் மட்டும் தடவினால் அலுமினியம் நுரைத்துக் கரைந்துவிடும். நுரை சிறிது நேரத்தில் அடங்கினால் பூச்சு நல்லது, கழுவித் துடைத்துப் பிஸ்டனும் ரிங்கும் மட்டும் போடலாம். நுரை அடங்காமல் வந்துகொண்டே இருந்தால் பூச்சு உடைந்து அமிலம் கீழேயுள்ள உலோகத்தைத் தின்கிறது, உடனே கழுவிவிட்டுப் புதிய சிலிண்டர் எடுக்க வேண்டும். காற்றோட்டமில்லாத அறையில் இதைச் செய்யக்கூடாது.

கணக்கு

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். விலைகள் கடைக்குக் கடை மாறும், ஆனால் விகிதம் பெரும்பாலும் இப்படித்தான் வரும். டிக்கோயா பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர், வாங்கி ஐந்து மாதமான 52 சீசீ மெசினைக் கொண்டுவருகிறார். அவர் தோட்ட வேலைக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வெளியார் காணிகளில் புல் வெட்டுகிறவர். புது மெசினின் விலை 42,000 ரூபா. கடைக்கு விழுந்த விலை 33,500.

கிராங்க் நல்லது என்றால் திருத்தச் செலவு இப்படி: 44 மில்லிமீற்றர் சிலிண்டர், பிஸ்டன், ரிங் செட் 6,800, கேஸ்கட்டும் பிளக்கும் 900, கூலி 2,500. மொத்தம் 10,200 ரூபா. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா தோட்ட நாட்சம்பளத்தில் பார்த்தால் இது ஏழரை நாள் வேலை. சின்னக் காசு அல்ல. ஆனால் மெசினின் விலையில் கால்வாசிதான். இந்த நிலைமையில் புது மெசினைப் பற்றிப் பேசவே தேவையில்லை. கியர் பெட்டி, தண்டு, கிளச் எல்லாம் ஐந்து மாதப் பழசுதான், திருத்தினால் இன்னும் வருடக்கணக்கில் ஓடும். புதியதை வாங்கச் சொல்வது கடையின் கல்லாப்பெட்டிக்கு நல்லது, அவருக்கு அல்ல. காசுக்குத் திருத்துவதை மட்டும் முன்வைக்க வேண்டும்.

கிராங்கும் போயிருந்தால் கதை மாறும். கிராங்க் 5,500, பெயாரிங்கும் சீலும் 1,800, என்ஜினை முழுதாகப் பிரிக்கக் கூடுதல் கூலி 2,000. எல்லாம் சேர்ந்து 19,500 ரூபா. விலையில் பாதிக்குக் கிட்ட. அதோடு கிராங்க் கொழும்பிலிருந்து வர ஒரு வாரம், சில வேளை பத்து நாள் ஆகும்.

இங்கேதான் விலைக்கழிவு அர்த்தப்படுகிறது. பழைய மெசினில் கியர் பெட்டி, தண்டு, காபரேட்டர், கொயில், ஸ்டாட்டர் எல்லாம் பாவிக்கக்கூடியவை. உதிரியாக அதன் பெறுமதி 5,000 ரூபா என்று வைப்போம். புதியதில் 7,500 ரூபா குறைத்து 34,500க்குக் கொடுத்தால் கடைக்கு விழுந்த விலைக்கு மேல் 1,000 நிற்கிறது, உதிரி 5,000 கையில் இருக்கிறது. இலாபம் 8,500க்குப் பதிலாக 6,000, நட்டம் இல்லை. வாடிக்கையாளருக்குத் திருத்தத்துக்கும் புதியதுக்கும் வித்தியாசம் 15,000 ரூபா.

அந்த 15,000 ரூபாவுக்கு அவருக்கு என்ன கிடைக்கிறது? புதிய ஒரு வருட வாரண்டி, இன்றைக்கே வேலைக்குப் போகும் மெசின். அவர் ஒரு முழு நாள் வெட்டினால் பெற்றோல் போகக் கையில் 3,500 ரூபா நிற்கிறது என்றால், ஐந்து நாள் மெசின் இல்லாமல் இருந்தாலே 17,500 போய்விடும். மெசினால் தினம் பிழைக்கிறவருக்கு, கிராங்க் போன நிலைமையில் புதியதே இலாபம். ஆனால் இவர் ஞாயிறும் மாலையும்தான் வெட்டுகிறார். பத்து நாளில் அவர் இழப்பது ஒன்றிரண்டு முழு நாட்களுக்குச் சமம். அவருக்கு 19,500 ரூபாத் திருத்தமே மலிவு. வீட்டுத் தோட்டத்தை மாதம் ஒரு தடவை வெட்டுகிற ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் அப்படித்தான். ஆகவே கிராங்க் போன இடத்தில் இரண்டையும் முன்வைக்கிறோம், ஆனால் "வாரத்தில் எத்தனை நாள் ஓட்டுகிறீங்க?" என்று முதலில் கேட்கிறோம். பதிலைக் கேட்ட பிறகு எது நல்லது என்று நம் வாயால் சொல்லவும் வேண்டும். இரண்டு விலையையும் மேசையில் போட்டுவிட்டு நீங்களே பாருங்கள் என்பது உதவி அல்ல.

விலைக்கழிவில் ஒரு ஆபத்து இருக்கிறது. உடைந்த மெசினைக் கொண்டுபோனால் 7,500 குறைப்பார்கள் என்று பெயர் பரவக்கூடாது. அதனால் கழிவைப் பழைய மெசினை எடுத்துக்கொள்ளும் விலையாக எழுதுகிறோம், ஒவ்வொரு உதிரிக்கும் ஒரு தொகை போட்டு. கியர் பெட்டியும் உடைந்திருந்தால் தொகை தானாகக் குறையும். யாரும் அதைத் தயவு என்றோ பாகுபாடு என்றோ நினைக்க இடமில்லை.

காசு ஒரே தடவையில் வராது என்பதும் இந்த ஊரில் தெரிந்ததுதான். திருத்தக் கூலியின் பாதியை இப்போதும் மிச்சத்தைச் சம்பள நாளிலும் வாங்கலாம். புது மெசினுக்குத் தவணை கொடுப்பதாக இருந்தால் மொத்தத் தொகை கூடாமல் கொடுங்கள். கழிவைக் கொடுத்துவிட்டு வட்டியில் திருப்பி எடுப்பது கழிவே அல்ல.

சொல்கிற விதம்

மறுப்பு பெரும்பாலும் கசப்பாவது தொகையால் அல்ல, "நீ பொய் சொல்கிறாய்" என்று அவர் காதில் விழுவதால். டிக்கோயாக்காரர் விடயத்தில் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"முதலாளி, வாங்கி அஞ்சு மாசந்தான் ஆகுது. ஒரு வருசம் வாரண்டின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னது சரிதாண்ணே. இங்க வாங்க, இந்தப் பிஸ்டனக் கையில புடிச்சுப் பாருங்க. சுத்தியும் கீறியிருக்கு. இந்தப் பெயாரிங் நீலமா போயிருக்கு. உள்ள ஒயில் போகல."

"நான் எப்பவும் அந்தச் சின்னப் போத்தல்ல அளந்துதான் ஊத்துவேன்."

"நம்புறேன். வேற யாராவது மெசின எடுத்தாங்களா?"

கொஞ்ச நேரம் யோசிப்பார். "போன ஞாயித்துக்கிழம மச்சான் எடுத்துக்கிட்டுப் போனான்."

மச்சான் வேலை செய்யும் இடத்தில் இருப்பது ஃபோர்-ஸ்ட்ரோக் மெசின். அதில் ஒயிலுக்குத் தனி மூடி, டாங்கிக்கு வெறும் பெற்றோல். அவர் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை, பழகியதைச் செய்தார். இரண்டு மெசினும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் இது அடிக்கடி நடக்கிறது.

கவனியுங்கள், "ஒயில் ஊத்தாம ஓட்டியிருக்கீங்க" என்று எங்கும் சொல்லவில்லை. மெசினுக்குள் என்ன நடந்தது என்பதைச் சொன்னோம், யார் செய்தார் என்பதைக் கேட்டோம். அதற்குப் பிறகு மறுப்பைச் சுற்றி வளைக்காமல் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும்: "இது வாரண்டியில வராதுண்ணே." பார்க்கலாம், கொம்பனிக்கு எழுதிப் பார்க்கிறேன் என்று இழுத்தடித்தால் அவர் இன்னும் இரண்டு தடவை பஸ் காசு செலவழித்து வருவார், பதில் அதேதான். மறுப்பைச் சொன்ன அதே மூச்சில் அடுத்த வழியையும் விலையோடு சொல்லுங்கள்.

பிறகு எழுத்தில் கொடுங்கள், தமிழில். அரைப் பக்கம் போதும். அந்தக் கடிதம் இப்படி இருக்கலாம்:

"உங்கள் புல்வெட்டும் மெசினை இன்று உங்கள் முன்னிலையில் கழற்றிப் பார்த்தோம். பிஸ்டன் எல்லாப் பக்கமும் கீறியுள்ளது. கிராங்க் அறையில் ஒயில் இல்லை. ஊசிப் பெயாரிங் சூட்டால் நிறம் மாறியுள்ளது. கேஸ்கட்டும் சீலும் காற்றுச் சோதனையில் நன்றாக உள்ளன. எனவே ஒயில் கலக்காத பெற்றோலில் ஓடியதால் ஏற்பட்ட பழுது என்று முடிவு செய்தோம். வாரண்டி அட்டையின் நிபந்தனைப்படி இது இலவசத் திருத்தத்தில் அடங்காது. கிராங்கில் ஆட்டம் இல்லை. திருத்தச் செலவு 10,200 ரூபா, வேலைக்கு மூன்று மாத உத்தரவாதம். இந்த விலை 14 நாட்களுக்குச் செல்லும். திருத்த விரும்பாவிட்டால் மெசினையும் கழற்றிய பாகங்கள் அனைத்தையும் கட்டணமின்றித் திருப்பித் தருவோம். எமது முடிவை ஏற்காவிட்டால் இறக்குமதியாளரின் சேவை நிலையத்தில் காட்டலாம், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிலும் முறையிடலாம்."

கடைசி வாக்கியத்தைப் போடச் சில கடைக்காரர் தயங்குவார்கள். போடுங்கள். படங்களையும் அதோடு கொடுங்கள், அவருடைய வாட்ஸ்அப்புக்கே அனுப்பலாம். கழற்றிய பிஸ்டன் அவருடையது, அதை வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. பார்த்ததற்குக் காசு வாங்குவதாக இருந்தால் திறக்கும் முன்பே தொகையைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் பின்னால் கேட்கக்கூடாது.

கடைக்கும் பங்கு இருந்தால்

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி மிச்சம். விற்ற அன்று கடை என்ன செய்தது? ஒயில் கலக்கும் அளவைத் தமிழில் சொன்னோமா, அளவுப் போத்தலைக் கொடுத்தோமா? பல மெசின்களோடு வரும் கையேட்டில் ஒரு வரி தமிழ் இருக்காது. ஆங்கிலக் கையேட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு, ஐந்து மாதம் கழித்து அதன் நிபந்தனையைக் காட்டி மறுப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை.

அப்படியான நிலைமையில் முழு மறுப்புக்கும் முழு இலவசத்துக்கும் நடுவில் நிற்பதே நியாயம்: உதிரிகளை நமக்கு விழுந்த விலைக்குப் போட்டு, கூலியை விட்டுவிடுவது. நம் உதாரணத்தில் கூலி 2,500ஐக் கழித்தாலே 7,700 ஆகிறது, உதிரியில் நம் இலாபத்தையும் எடுத்தால் இன்னும் இறங்கும். கிராங்க் போன மெசினென்றால் இரண்டு கூலியும் சேர்ந்து 4,500 குறைந்து 15,000க்கு வரும். அப்போது புதியதற்கும் அதற்கும் இடைவெளி 19,500 ஆகிவிடுகிறது. தினம் ஓட்டுகிறவருக்குக்கூடத் திருத்தமே முந்தும், உதிரி வரும்வரை கடை ஒரு பழைய மெசினைக் கடனாகக் கொடுக்க முடிந்தால். அந்தக் கடன் மெசினைச் சில கடைகள் ஏற்கனவே வைத்திருக்கின்றன. இரண்டு உடைந்த மெசினின் நல்ல பாகங்களைச் சேர்த்தே ஒன்றைக் கட்டிவிடலாம்.

டிக்கோயாக்காரருக்கு அளவுப் போத்தலும் கொடுத்தோம், அவரும் பாவித்தார். ஆகவே அவருக்கு முழு 10,200. மெசினைத் திருப்பிக் கொடுக்கும்போது டாங்கி மூடிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் "1 லீற்றருக்கு 40 மில்லி டூ-டி" என்று எழுதிக் கொடுக்கிறோம். மச்சான் எடுத்தாலும் கண்ணில் படும். புதிய பிஸ்டன் பழகும்வரை முதல் சில டாங்கிகளுக்கு முழு வேகத்தில் தொடர்ந்து ஓட்ட வேண்டாம் என்றும், சிலிண்டரைக் குளிர்விக்கும் தகடுகளுக்குள் ஈரப்புல் அடைத்தால் எடுத்துவிட்டு ஓட்டும்படியும் சொல்கிறோம். கடையிலேயே முதல் லீற்றரை அவர் கையால் கலக்க வைத்து, அதில் ஒரு சொட்டைத் தாளில் விட்டுக் காட்டிவிட்டுத்தான் கயிற்றை இழுக்கச் சொல்கிறோம்.